லாஃபர் வளைவு: "வரி விகிதத்தைக் குறைத்தால் வருவாய் உயரும்" என்ற விடை ஏன் தப்பு?

விடியல்தேர்வர்:
மாதிரித் தேர்வு ஒன்றில் வந்த கேள்வி இது. விடைக்குறிப்பைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

வரி விகிதத்துக்கும் வரி வருவாய்க்கும் உள்ள தொடர்பை லாஃபர் வளைவு எவ்வாறு விவரிக்கிறது?

(அ) விகிதம் உயர உயர வருவாயும் தொடர்ந்து உயரும்
(ஆ) விகிதத்தைக் குறைத்தால் வருவாய் உயரும்
(இ) விகிதம் உயரும்போது வருவாய் ஓர் உச்சம் வரை உயர்ந்து, பிறகு குறையும்
(ஈ) விகிதம் உயரும்போது வருவாய் ஓர் எல்லை வரை குறைந்து, பிறகு உயரும்

நான் (ஆ) போட்டேன். விடைக்குறிப்பில் (இ). லாஃபர் என்றாலே "வரியைக் குறை, கஜானா நிரம்பும்" என்பதுதானே எல்லோரும் சொல்வது? அமெரிக்காவில் ரீகன் வரியைக் குறைத்ததற்கு இந்த வளைவைத்தானே காரணம் காட்டினார்கள்? அப்படியானால் (ஆ) எப்படித் தப்பாகும்? (இ) சரியாக இருக்கலாம், ஆனால் (ஆ)வும் சரிதான் என்று முறையிடலாமா என்று யோசிக்கிறேன்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரு வினாத்தாளில் இதையே "தலைகீழ் யு வடிவம்" என்கிறார்கள், இன்னொன்றில் "மணி வடிவம்", வேறொன்றில் "பின்னோக்கி வளையும் கோடு". மூன்றும் ஒன்றுதானா?

கடைசிபெஞ்ச்:
முறையீடெல்லாம் வேண்டாம், தோற்றுப்போவீர்கள். மலை மாதிரி ஏறி இறங்கும். ஏறுகிற பக்கம் ஒன்று, இறங்குகிற பக்கம் ஒன்று. நடுவில், அதாவது 50 சதவீதத்தில், உச்சம். அதற்கு மேல் போனால் வருவாய் விழும். மனப்பாடம் பண்ண வேண்டியது இவ்வளவுதான்.

மேகலை:
கடைசிபெஞ்ச் சொன்னதில் மலை சரி. அந்த 50 பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் (ஆ)வைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இந்தக் கேள்வியில் பொறியே அதுதான்.

வரி வருவாய் என்பது விகிதத்தை வரித்தளத்தால், அதாவது வரி விதிக்கப்படும் மொத்த வருமானத்தால், பெருக்கி வருவது. விகிதத்தை ஏற்றினால் ஒரு பெருக்கெண் கூடுகிறது, இன்னொன்று சுருங்குகிறது. தளம் ஏன் சுருங்குகிறது? ஆட்கள் குறைவாக வேலை செய்யலாம், வருமானத்தை மறைக்கலாம், வரி குறைந்த வேறு வடிவத்துக்கு அதை மாற்றிக்கொள்ளலாம், முதலீட்டை வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம். எந்தப் பெருக்கெண் அதிகமாக அசைகிறது என்பதுதான் கேள்வி.

ஓர் எண் உதாரணம். வரியே இல்லாவிட்டால் வரித்தளம் 1000 அலகு என்று வையுங்கள். வரி போக மக்கள் கையில் மிஞ்சும் பங்கு 1 சதவீதம் குறைந்தால் தளம் சுமார் அரை சதவீதம் சுருங்கும் என்றும் வையுங்கள். இப்போது ஒரே மாதிரி 5 புள்ளிக் குறைப்பை இரண்டு இடங்களில் செய்து பார்க்கிறேன்.

30 சதவீதத்தில் தளம் 837, வருவாய் 251. விகிதத்தை 25 ஆக்கினால் தளம் 866 ஆக வளர்கிறது, ஆனால் வருவாய் 217 தான். குறைப்பு "வேலை செய்தது", தளம் வளர்ந்தது. கஜானாவுக்கு மட்டும் நஷ்டம்.

80 சதவீதத்தில் தளம் 447, வருவாய் 358. விகிதத்தை 75 ஆக்கினால் தளம் 500, வருவாய் 375. இங்கே (ஆ) அப்படியே பலிக்கிறது.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள். 80 சதவீத வரியில் கையில் மிஞ்சுவது 20. அது 25 ஆகும்போது, மிஞ்சுவது கால் பங்கு கூடிவிடுகிறது. உழைப்பவனுக்கு அது பெரிய தூண்டுதல். அரசு இழப்பதோ 80இல் 5, அதாவது சுமார் 6 சதவீதம். 30 சதவீத வரியில் கையில் மிஞ்சுவது 70இலிருந்து 75 ஆகிறது, வெறும் 7 சதவீதக் கூடுதல். அதற்காக அரசு விடுவது 30இல் 5, ஆறில் ஒரு பங்கு. முதல் பேரம் அரசுக்கு லாபம், இரண்டாவது இல்லை.

ஆகவே (ஆ) என்பது மலையின் இறங்கும் பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்த வாக்கியம். "உச்சத்துக்கு மேல் இருக்கும்போது" என்ற நிபந்தனை அதில் இருந்திருந்தால் சரி. மொட்டையாக விட்டதால் தப்பு. வளைவு எவ்வாறு "விவரிக்கிறது" என்று கேட்டால் முழு மலையையும் சொல்லும் விடை (இ) மட்டுமே.

விடியல்தேர்வர்:
எண்கள் புரிகின்றன, அக்கா. ஆனால் ஒன்று கேட்கிறேன். 30இலிருந்து 25க்கு வந்ததில் தளம் 837 இலிருந்து 866 ஆனது. அந்தக் கூடுதல் 29 அலகுக்கு ஒரு மதிப்பும் இல்லையா?

மேகலை:
உண்டு. தளம் அசையவே இல்லை என்று வைத்தால் 837க்குக் கால் பங்கு, 209 தான் வந்திருக்கும். 217 வந்தது. அதாவது 42 அலகு இழப்பில் சுமார் 7 அலகை மக்களின் எதிர்வினை திருப்பித் தந்திருக்கிறது. "வரிக் குறைப்பு ஓரளவு தன் செலவைத் தானே ஈடுகட்டும்" என்று ஒரு கூற்று தேர்வில் வந்தால் அது ஏறுகிற பக்கத்திலும் சரி. "முழுக்க ஈடுகட்டும்" என்று வந்தால் இறங்குகிற பக்கத்தில் மட்டும் சரி. அரசியல்வாதிகள் முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்பார்கள்.

கடைசிபெஞ்ச்:
50ஐ ஏன் தொடாமல் விட்டீர்கள்? நான் பார்த்த எல்லாப் படத்திலும் உச்சம் நடுவில்தான். கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 0 சதவீதத்தில் வருவாய் 0, 100 சதவீதத்தில் யாரும் சம்பாதிக்கமாட்டான், அதனால் மறுபடி 0. இரண்டு பூஜ்யத்துக்கு நடுப்புள்ளி 50. R = t(1−t) என்று எழுதி வகையிட்டால் t = 0.5. இதில் என்ன சந்தேகம்?

மேகலை:
அந்தச் சமன்பாட்டில் வகையிடல் சரி. சமன்பாட்டை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதில்தான் சந்தேகம். (1−t) என்று எழுதும்போதே, கையில் மிஞ்சும் பங்கு எவ்வளவு குறைகிறதோ தளமும் அதே வீதத்தில் குறையும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். அது ஓர் அனுமானம் மட்டும்தான். தளம் (1−t)^e என்ற மாதிரி நகர்ந்தால் உச்சம் இங்கே வரும்:

```
t* = 1 / (1 + e)
```

இதில் e என்பது நான் மேலே சொன்ன அந்த அசைவு: கையில் மிஞ்சும் பங்கு 1 சதவீதம் குறைந்தால் தளம் எத்தனை சதவீதம் சுருங்கும் என்பது. e = 1 என்றால் உங்கள் 50. நான் எடுத்த அரை என்றால் 67 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே உச்சம். கால் என்றால் 80. e = 2 என்றால் உச்சம் 33க்கே வந்துவிடும். தளம் எவ்வளவு எளிதாக ஓடிப்போகக்கூடியதோ அவ்வளவு சீக்கிரம் மலை இறங்கத் தொடங்கும்.

அப்புறம், இரண்டு முனையில் பூஜ்யம் இருந்தால் உச்சம் இடையில் எங்கோ இருக்கிறது என்பதுதான் கிடைக்கும். நடுவில் இருக்கிறது என்று கிடைக்காது. என் உதாரணத்தில் 50 சதவீத வருவாய் 354, 80 சதவீத வருவாய் 358. ஏறத்தாழ ஒரே தொகை, ஆனால் முதலாவதில் தளம் 707, இரண்டாவதில் 447. மலை சாய்ந்து நிற்கிறது.

தேர்வில் "லாஃபர் வளைவின்படி உச்ச விகிதம் 50 சதவீதம்" என்று ஒரு கூற்று தந்தால் தப்பு என்றே குறியுங்கள். வளைவு எண் எதையும் தருவதில்லை.

கடைசிபெஞ்ச்:
வினா எழுதுகிறவரும் அப்படி நினைக்க வேண்டுமே. நேர்கோட்டுத் தளம் கொடுத்துக் கணக்காகக் கேட்டால் 50 தான் வரும், அப்போது என்னைத் திட்டாதீர்கள்.

மேகலை:
தளத்தைக் கொடுத்துவிட்டால் யாருக்கு என்ன ஆட்சேபம்? அப்போது போடுங்கள்.

நைட்ஷிஃப்ட்:
இந்த விஷயம் எனக்கு நேரில் நடந்தது, அதனால் எழுதுகிறேன். போன முறை சம்பளம் கொஞ்சம் ஏறியதும் அடுத்த வரி ஸ்லாபில் விழுந்தேன். அதோடு மொத்தச் சம்பளத்துக்கும் கூடுதல் விகிதம் போட்டுவிடுவான், கையில் வருவது குறைந்துவிடும் என்று சக ஊழியர்கள் எல்லோரும் சொன்னார்கள். அதிலிருந்து ஓவர்டைம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். இதுதானே நீங்கள் சொல்லும் உச்சம்? ஸ்லாப் எல்லையைத் தாண்டினால் எனக்கும் நஷ்டம், அரசுக்கும் நஷ்டம்.

பழையவாத்தியார்:
தம்பி, நீங்கள் சொல்வது வேறு விஷயம். ஆனால் சுவாரஸ்யமான இடத்தில் வந்து இதைத் தொடுகிறது.

ஸ்லாப் முறையில் கூடுதல் விகிதம் எல்லைக்கு மேலே உள்ள தொகைக்கு மட்டும்தான். 500 அலகு வரை 10 சதவீதம், அதற்கு மேல் 20 என்று வைத்துக்கொள்வோம். 500 சம்பாதித்தால் வரி 50, கையில் 450. 520 சம்பாதித்தால் முதல் 500க்கு அதே 50, மேலே உள்ள 20க்கு 4. கையில் 466. கூடியிருக்கிறதே ஒழியக் குறையவில்லை. சக ஊழியர்கள் சொன்னது எல்லா ஊரிலும் உலவுகிற கதை.

லாஃபர் வளைவின் கிடை அச்சில் இருப்பது உங்கள் வருமானம் அல்ல, அரசு வைக்கும் விகிதம். ஒரு மனிதன் சம்பளம் ஏறி அடுத்த ஸ்லாபுக்குப் போவதை அந்தப் படத்தில் காட்டவே முடியாது. தேர்வில் இந்த இரண்டையும் கலந்து ஒரு விடை வைப்பார்கள்: "வருமானம் உயரும்போது வரி வருவாய் குறையும்" என்று. விகிதம் என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் வருமானம் என்று இருக்கும். அவசரத்தில் கண்ணில் படாது.

ஆனால் ஒன்று. வரிக்குப் பயந்து ஓவர்டைம் வேண்டாம் என்று சொன்னீர்களே, அந்தச் செயல்தான் வரித்தளம் சுருங்குவது. காரணம் தவறான நம்பிக்கையாக இருந்தாலும் தளம் சுருங்கியது உண்மை.

நைட்ஷிஃப்ட்:
அப்படியென்றால் இத்தனை நாள் ஓவர்டைம் வீணாக விட்டேனா? ஒன்று மட்டும் சொல்கிறேன், ஐயா. எங்களுக்குக் குறிப்பிட்ட வருமானம் வரைதான் ஒரு உதவித்தொகை உண்டு. தாண்டினால் முழுசாக நின்றுவிடும். அதையும் சேர்த்தால் நான் சொன்ன கணக்கு சரியாக வரும்.

பழையவாத்தியார்:
அது இருந்தால் நீங்கள் செய்தது சரியான கணக்குத்தான். 20 அலகு கூடுதலாகச் சம்பாதித்து 30 அலகு உதவியை இழந்தால், அந்த 20க்கு நீங்கள் கட்டியது 100 சதவீதத்துக்கும் மேலான வரி, பெயர் மட்டும் வரி இல்லை. சட்டத்தில் எழுதிய விகிதத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது. உண்மையில் ஆட்கள் எதிர்வினை காட்டுவது இப்படி எல்லாம் சேர்ந்த மொத்த விகிதத்துக்குத்தான்.

விடியல்தேர்வர்:
என் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. "பின்னோக்கி வளையும் கோடு" என்ற விடை எங்கிருந்து வந்தது? ஒரு வழிகாட்டிப் புத்தகத்தில் படமே பக்கவாட்டில் படுத்துக்கிடக்கிறது. அச்சுப்பிழை என்று நினைத்தேன்.

பழையவாத்தியார்:
அச்சுப்பிழை இல்லை. அதுதான் பழைய படம்.

1974இல் வாஷிங்டன் ஓட்டல் ஒன்றில் சாப்பிடும்போது பொருளியலாளர் ஆர்தர் லாஃபர் கைக்குட்டைத் துணியில் இந்த வளைவைக் கிறுக்கிக் காட்டியதாகக் கதை. உடன் இருந்தவர்களில் பின்னாளில் அமெரிக்கத் துணை அதிபரான டிக் செனியும் பத்திரிகையாளர் ஜூட் வானிஸ்கியும் உண்டு. 1978இல் வானிஸ்கி எழுதிய கட்டுரைதான் அதற்கு லாஃபர் வளைவு என்று பெயர் சூட்டிப் பரப்பியது. அந்தக் கட்டுரைப் படத்தில் விகிதம் செங்குத்து அச்சில், வருவாய் கிடை அச்சில். அப்படி வரைந்தால் கோடு கீழிருந்து கிளம்பி வலப்புறம் போய், ஓர் இடத்தில் திரும்பி, மேலே இடப்புறமாக வந்துவிடும். திரும்புகிற மூக்குத்தான் உச்சம். மூக்குக்கு மேலே உள்ள பகுதியைத் தடுப்பு எல்லை என்ற பொருளில் குறிப்பிடுவார்கள்.

விகிதத்தைக் கிடை அச்சுக்கு மாற்றிவிட்டால் அதே கோடு எழுந்து நின்று மலையாகிறது. ஆக, அச்சைப் பார்க்காமல் வடிவத்தின் பெயரை மட்டும் வைத்து விடை சொல்லக் கூடாது. அச்சு எதுவும் சொல்லாமல் கேட்டால் கிடை அச்சில் விகிதம் என்று எடுத்துக்கொண்டு தலைகீழ் யுவைப் போடுங்கள்.

லாஃபர் இதைத் தன் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொண்டதும் இல்லை. 14ஆம் நூற்றாண்டின் அரபு அறிஞர் இப்னு கல்தூன் இதையே எழுதியிருக்கிறார் என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். "இந்தக் கருத்தை முதலில் சொன்னவர் யார்" என்று கேட்டு இரண்டு பெயரையும் விடைகளில் வைத்தால் கேள்வியை நன்றாகப் படியுங்கள்.

கடைசிபெஞ்ச்:
மணி வடிவம்?

மேகலை:
எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. மணி வடிவத்தில் இரண்டு ஓரமும் தட்டையாகி அச்சை ஒட்டி நீளும், முனைகளில் தொடாது. லாஃபர் வளைவு இரண்டு முனையிலும் அச்சைத் தொடுகிறது. அதிலும் இடது முனையில் தட்டையாக இல்லை, செங்குத்தாகக் கிளம்புகிறது. ஏனென்றால் விகிதம் மிகக் குறைவாக இருக்கும்போது தளம் கிட்டத்தட்ட முழுசாக இருக்கிறது, ஒவ்வொரு புள்ளி உயர்வும் அப்படியே வருவாயாகிறது. மேலே போகப்போகத்தான் ஒரு புள்ளிக்குக் கிடைப்பது குறைந்துகொண்டே வந்து உச்சத்தில் பூஜ்யமாகிறது. அந்த இடத்தில் விகிதத்தை 1 சதவீதம் ஏற்றினால் தளமும் சரியாக 1 சதவீதம் சுருங்கும்.

பழையவாத்தியார்:
நான் இதில் மாறுபடுகிறேன். வினா எழுதுகிறவர் மணி என்று எழுதும்போது புள்ளியியல் வளைவை நினைத்து எழுதுவதில்லை. கோயில் மணியைக் கவிழ்த்து வைத்த உருவத்தைத்தான் நினைக்கிறார். தலைகீழ் யு இல்லாத இடத்தில் மணி இருந்தால் தயங்காமல் போடலாம்.

மேகலை:
இரண்டும் ஒரே கேள்வியில் வந்தால்?

பழையவாத்தியார்:
வந்தால் அந்தக் கேள்வியை நீக்கச் சொல்லி நானே கடிதம் எழுதுவேன்.

சந்தேகப்பிரியன்:
எல்லோரும் வளைவு உண்மை என்ற நினைப்பிலேயே பேசுகிறீர்கள். இந்த வளைவு பணக்காரனுக்கு வரி குறைக்க எழுதிய சாக்கு. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் 2012இல் இதை நம்பி வரியைக் குறைத்தார்கள். லாஃபரே ஆலோசகர். வருவாய் சரிந்து, 2017இல் ஆளுநரின் மறுப்பையும் மீறிச் சட்டமன்றமே அதை ரத்து செய்தது. அப்புறம் என்ன மலை, என்ன உச்சம்?

மேகலை:
கேன்சஸ் வளைவைப் பொய்யாக்கவில்லை. வளைவை (ஆ) என்று படித்தவர்களைப் பொய்யாக்கியது. அங்கே மாநில வருமான வரியின் மேல் விகிதம் 6.45 சதவீதம். அதை 4.9 ஆக்கினார்கள். மத்திய வரியையும் சேர்த்து எண்ணினாலும் ஒருவர் கையில் மிஞ்சும் பங்கில் ஒன்றரைப் புள்ளிதான் மாறுகிறது. மாநிலம் விட்டதோ தன் விகிதத்தில் கால் பங்குக்கும் அருகில். நான் மேலே போட்ட பேரக் கணக்கை இதில் போட்டுப் பாருங்கள், தேறவே தேறாது.

அதைவிட முக்கியமானது, தனிநபர் பெயரில் வரி கட்டும் தொழில்களின் வருமானத்துக்கு முழு விலக்கும் கொடுத்தார்கள். சம்பளத்தைத் தொழில் வருமானமாகக் காட்ட முடிந்தவருக்கு அது திறந்த கதவு. அப்படி நகரும் வருமானம் புதிதாக உழைத்து வந்தது இல்லை, பெட்டி மாறியது மட்டும்தான்.

ரீகன் காலக் கதை வேறு. 1981இல் மேல் விகிதம் 70. அது 1982இல் 50 ஆகி, 1988இல் 28 வரை வந்தது. 70 என்பது உச்சத்துக்கு அருகிலோ மேலோ இருக்கலாம் என்று வாதாட இடம் உண்டு. 50 இலிருந்து 28க்கு வந்ததை அப்படி வாதாடுவது ரொம்பக் கஷ்டம். ஒரே மனிதரின் ஆட்சியிலேயே ஒரு பகுதிக்குப் பொருந்தி இன்னொரு பகுதிக்குப் பொருந்தாமல் போகலாம்.

சந்தேகப்பிரியன்:
"இருக்கலாம்", "வாதாடலாம்". உச்சம் எங்கே என்று உங்களாலேயே சொல்ல முடியவில்லையே. அளக்க முடியாத ஒன்றைத் தேர்வில் ஏன் கேட்கிறார்கள்?

மேகலை:
அளக்கிறார்கள். ஒரே எண் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். பொருளியலாளர்கள் பீட்டர் டயமண்டும் இமானுவல் சயேஸும் 2011இல் மேல்தட்டு வருமானத்துக்கு உச்சம் 73 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். எல்லா வரியும் சேர்ந்த மொத்த விகிதம் அது. மேல்தட்டுக்கு மட்டுமான விகிதம் என்பதால் அதற்குச் சூத்திரம் வேறு, என் 1 / (1 + e) அங்கே அப்படியே பொருந்தாது. ஆனால் அவர்கள் எடுத்த அசைவு கால். அதை அரை என்று ஏற்றினால் விடை 57க்கு இறங்கிவிடும். ஆக, சண்டை முழுவதும் அந்த ஓர் எண்ணைச் சுற்றித்தான்.

அந்த எண்ணை அளப்பதில் பெரிய சிக்கல் காலம். பிரிட்டனில் மேல் விகிதம் 40இலிருந்து 50 ஆகப்போகிறது என்று 2009இலேயே அறிவித்துவிட்டார்கள். 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. இடையில் முடிந்தவர்கள் எல்லாம் பங்காதாயத்தையும் ஊக்கத்தொகையையும் முன்கூட்டியே எடுத்துக்கொண்டார்கள். முந்தைய ஆண்டின் வருமானம் வீங்கியது, புதிய விகிதத்தின் முதல் ஆண்டு வற்றியது. அந்த இரண்டு ஆண்டை மட்டும் ஒப்பிட்டால் 50 உச்சத்தைத் தாண்டிவிட்டது போலவே தெரியும். நிஜத்தில் அதில் ஒரு பகுதி வெறும் தேதி மாற்றம். 2013இல் 45 ஆகக் குறைத்தபோது எதிர்த்திசையில் அதே வேலை நடந்தது, வருமானத்தைத் தள்ளிப்போட்டார்கள். அந்த 50 உண்மையில் எவ்வளவு ஈட்டியது என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. சில எதிர்வினை மெதுவாக வரும். தொழிலைத் தேர்ந்தெடுப்பது, நாடு மாறுவது எல்லாம் ஓரிரு ஆண்டில் தெரியாது. ஒருசில ஆண்டுக் கணக்கை வைத்து உச்சம் தொலைவில் இருக்கிறது என்று சொன்னால் அதுவும் ஏமாற்றலாம்.

சந்தேகப்பிரியன்:
ஏமாற்றுவது இரண்டு பக்கமும் உண்டு என்று ஒப்புக்கொண்டதே போதும். நான் என் கட்சியை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

நைட்ஷிஃப்ட்:
ஒரு சந்தேகம். உச்சத்தில்தான் அரசுக்கு அதிகப் பணம் என்றால், எல்லா அரசும் அந்த விகிதத்தையே வைக்க வேண்டியதுதானே?

பழையவாத்தியார்:
நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். இதுவும் விடைகளில் வரும்: "லாஃபர் வளைவு நாட்டுக்கு உகந்த வரி விகிதத்தைக் காட்டுகிறது." தப்பு. அது காட்டுவது அதிக வருவாய் தரும் விகிதத்தை. உச்சத்துக்குச் சற்று முன்னால் நிற்கும்போது இன்னும் ஒரு புள்ளி ஏற்றினால் அரசுக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, மக்கள் கையிலிருந்து போவதோ நிறைய. அந்த அற்ப வருவாய்க்காக அவ்வளவு சுருக்கத்தை ஏற்க வேண்டுமா என்பதை வளைவு சொல்லாது. உச்சத்துக்கு மேலே போவதை நியாயப்படுத்துவதுதான் கஷ்டம், அங்கே இருவருக்குமே நஷ்டம். புகையிலை மாதிரிப் பொருளுக்கு வேண்டுமென்றே உச்சத்தைத் தாண்டலாம், அங்கே நோக்கமே வருவாய் இல்லை.

விடியல்தேர்வர்:
சரி, முறையீட்டைக் கைவிடுகிறேனா என்று நாளை முடிவு செய்கிறேன். "விவரிக்கிறது" என்ற வார்த்தை இல்லாமல் "எது பொருந்தும்" என்று கேட்டிருந்தால் (ஆ)வுக்கும் பாதி நியாயம் உண்டு என்றே இன்னும் படுகிறது. கையோடு இதையும் பார்த்துவிடுங்கள். இன்னொரு தாளில் இருந்தது:

கூற்று: மிக உயர்ந்த வரி விகிதத்தைக் குறைப்பது வரி வருவாயைக் கூட்டக்கூடும்.
காரணம்: வரி விகிதம் குறையும்போது வரித்தளம் விரிவடைகிறது.

இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது என்று விடைக்குறிப்பில் இருக்கிறது.

மேகலை:
இரண்டும் சரி என்பதில் சிக்கல் இல்லை, "கூடும்" என்று மெதுவாகச் சொன்னதால் கூற்று தப்பித்தது. விளக்குகிறதா என்பதில்தான் எனக்குத் தயக்கம். தளம் விரிவடைவது 30 சதவீதத்திலும் நடக்கிறது, அங்கே வருவாய் குறைந்ததே. விகிதம் விழும் வீதத்தைவிடத் தளம் விரியும் வீதம் அதிகம் என்று இருந்தால்தான் விளக்கம் முழுமை.

கடைசிபெஞ்ச்:
அப்படி நுணுக்கிப் பார்த்தால் ஒரு மதிப்பெண் போச்சு. விடைக்குறிப்பில் உள்ளதையே போடுங்கள்.

பழையவாத்தியார்:
இந்த ஒரு தடவை கடைசிபெஞ்ச் சொல்வதைக் கேளுங்கள். காரணத்தில் "எப்போதும் வருவாயும் உயரும்" என்று சேர்த்திருந்தால் மட்டும் கையை எடுங்கள்.